ட்ரையரின் கடைசி இருபது நிமிடம்

ஜனவரி மாதத்து டொராண்டோ. பால்கனியில் கொடி கட்டினால் துணி அப்பளம் போல விறைத்துக்கொள்ளும். அதனால் வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த லோடு அப்படியே ட்ரையருக்குள் போகிறது: குளியல் துண்டு நான்கு, பருத்தி டி-ஷர்ட் ஐந்து, ஒரு ஜீன்ஸ், பாலியஸ்டர் விளையாட்டு ஜெர்சி இரண்டு, ஒரு லெக்கிங்ஸ், கொஞ்சம் நைலான் சாக்ஸ். உலர்ந்த எடை சுமார் நாலு கிலோ. குமிழை எழுபது நிமிடத்துக்குத் திருப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் துணி மெத்தென்று சூடாக இருக்கும். கூடவே சில வினைகளும் காத்திருக்கும். ஜெர்சியின் முதுகில் ஒரு சாக்ஸ் ஒட்டிக்கொண்டு, பிடுங்கினால் சடசடக்கும். டி-ஷர்ட் போன வாரத்தைவிட ஒரு விரல் குட்டை. லெக்கிங்ஸின் இடுப்புப் பட்டி அலை அலையாக நெளிந்திருக்கும். வடிகட்டியை உருவினால் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பாய். "சூடு அதிகம், அதான்" என்று பழியை மொத்தமாகச் சூட்டின் மேல் போடுவது வழக்கம். அது பாதிதான் உண்மை. இந்தச் சேதத்தில் பெரும்பங்கு நடப்பது, துணியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் டிரம் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

ஈரத் துணிக்குத் தண்ணீரே கவசம். உள்ளே வரும் காற்று 70 டிகிரி இருந்தாலும், துணியில் ஈரம் இருக்கும்வரை அந்த வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. துணி பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிக்குள் நின்றுவிடும். வெயிலில் வைத்த மண்பானையின் தண்ணீர் குளிர்ந்திருக்கும் அதே கணக்குதான். ஈரம் குறையக் குறைய ஆவியாவதும் குறையும். துணியின் வெப்பம் மேலே ஏறத் தொடங்கும். ஈரம் தீர்ந்ததும் துணியும் காற்றின் சூட்டையே எட்டிவிடும். ஆக, ட்ரையரில் எவ்வளவு சூடு வைத்தோம் என்பதோடு, எந்தத் துணி எத்தனை நிமிடம் ஈரமில்லாமல் அந்தச் சூட்டில் புரண்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் லோடில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாஷிங் மெஷின் 1000 சுற்று வேகத்தில் பிழிந்தால், பருத்தித் துணி தன் எடையில் சுமார் 60 சதவீதத் தண்ணீரோடு வெளியே வரும். துண்டு நான்கும் சேர்ந்து இரண்டு கிலோ என்றால், அவற்றில் மட்டும் 1.2 லிட்டர். ஜெர்சி இரண்டும் சேர்ந்து 300 கிராம். பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் போகாது. இழைகளுக்கு இடையில் நிற்பது மட்டும்தான் மிச்சம். அது நூறு மில்லிகூடத் தேறாது. துண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஜெர்சிக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். அதாவது, அந்த எழுபது நிமிட ஓட்டத்தில் ஜெர்சி ஐம்பது நிமிடம் காய்ந்த நிலையில் வெறுமனே புரண்டிருக்கிறது. லெக்கிங்ஸுக்கும் சாக்ஸுக்கும் கிட்டத்தட்ட அதே கதி.

துண்டு எப்போது "காய்ந்தது" என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் பருத்தியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் அறையில், பருத்தி தன் எடையில் 7–8 சதவீதத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளி அதைப்போல இரண்டு மடங்கு வரை பிடிக்கும். நைலான் 4 சதவீதத்தை ஒட்டி. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. இந்த இயல்பான ஈரத்தையும் ட்ரையர் உறிஞ்சி எடுத்தால் அது வீண் வேலை. வெளியே வந்த துண்டு அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து தானே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இதைச் சமையலறைத் தராசிலேயே பார்த்துவிடலாம். ட்ரையர் நின்றதும் ஒரு துண்டை எடுத்து உடனே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். விரித்துப் போட்டு, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி நிறுங்கள். அரைக் கிலோ துண்டு 15 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் அதை எலும்பு வரை காயவைத்துவிட்டீர்கள் என்று பொருள். குளிர்நாட்டு வீட்டுக்குள் காற்றே வறண்டிருப்பதால், அங்கே எடை கூடுவது இதைவிடக் குறைவாகவும் தெரியலாம். அடுத்த முறை பத்து நிமிடம் குறைத்துப் பாருங்கள். எடை ஏறாமல், தையல் மடிப்பில் மட்டும் லேசான குளிர்ச்சி தெரியும் நேரம் எதுவோ, அதுதான் உங்கள் மெஷினுக்கும் உங்கள் துண்டுக்கும் சரியான நேரம். அந்த மடிப்பு ஈரம் கொடியில் அரை மணி போட்டால் போய்விடும்.

சடசடப்புக்கு வருவோம். இரண்டு வேறு இழைகள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் தாவுகிறது. உரசல் முதல் நிமிடத்திலிருந்தே நடக்கிறது. ஆனால் ஈரமான துணி மின்சாரத்தைக் கடத்திவிடுவதால் ஊட்டம் தங்குவதில்லை. ஈரம் போனதும் வடிய வழியில்லை. துணி மேலேயே சேர்ந்துகொண்டு போகிறது. பாலியஸ்டர் முதலில் காய்வதால் அதில்தான் முதலில் சேரும். அதோடு நைலானும் கம்பளியும் நேர்மின்னூட்டம் ஏற்பவை. பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் எதிர்மின்னூட்டம் ஏற்பவை. நைலான் சாக்ஸையும் பாலியஸ்டர் ஜெர்சியையும் ஒரே டிரம்மில் ஐம்பது நிமிடம் உலர உரசவிட்டால், ஒட்டாமல் என்ன செய்யும்? பருத்தி இந்த வரிசையில் நடுவில் இருப்பது, இயல்பான ஈரம் இருக்கும்வரை சாதுவாக நடந்துகொள்ளும். எலும்பு வரை காய்ந்தால் அதுவும் சடசடக்கும். வெறும் துண்டு மட்டும் போட்டும் பொறி தெறிக்கிறதென்றால், நேரம் அதிகமாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதற்குப் பலர் கையாளும் வழி ட்ரையர் ஷீட். மெழுகுபோல ஒன்றைத் தடவிய மெல்லிய தாள் அது. சூட்டில் அந்தப் பூச்சு உருகித் துணி மேல் படிந்து, காற்றின் ஈரத்தை லேசாக இழுத்துப் பிடித்து மின்னூட்டத்தை வடியவிடுகிறது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் படிவது எல்லாத் துணி மேலும்தான். துண்டு நாளடைவில் தண்ணீர் ஏற்காமல் வழுக்கும். வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் விளையாட்டு ஜெர்சி அந்தக் குணத்தை இழக்கும். தீப்பிடிக்காதபடி செய்யப்பட்ட குழந்தைகளின் இரவு உடைக்கு அதைப் போடவே கூடாது. பெரும்பாலும் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். துணியோடு டிரம்மில் போடும் கம்பளி உருண்டைகள் துணிகளைப் பிரித்துவிட்டுக் காற்று புக உதவும். சடசடப்பைப் பெரிதாகக் குறைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். செலவில்லாத வழி, பாலியஸ்டரையும் நைலானையும் இருபதாவது நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுவது. ஒட்டிக்கொண்ட பிறகு பிரிக்க வேண்டுமானால், ஈரக் கையால் ஒரு தடவு தடவினால் போதும்.

"எங்கள் மெஷினில் சென்சார் இருக்கிறது, தானே நின்றுவிடும்" என்பார்கள். அந்த சென்சார் என்னவென்று ஒருமுறை பார்த்துவிட்டால், எங்கே ஏமாறும் என்பது புரிந்துவிடும். பல மெஷின்களில் டிரம்மின் முன்பக்கம், வடிகட்டிக்கு அருகே, விரல் நீளத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி இரண்டையும் ஒருசேரத் தொட்டால் அவற்றுக்கிடையே மின்சாரம் கடக்கும். அப்படிக் கடப்பது குறையக் குறைய, துணி காய்ந்துவருகிறது என்று மெஷின் முடிவு கட்டும். இரண்டே டி-ஷர்ட் போட்டால் அவை பட்டையைத் தொடுவதே அபூர்வம். ஈரமாக இருக்கும்போதே நின்றுவிடலாம். நம் கலப்பு லோடில் காய்ந்த ஜெர்சியும் லெக்கிங்ஸும் அடிக்கடி பட்டையில் படும்; நடுவில் சுருண்டு கிடக்கும் துண்டு ஈரமாகவே இருக்கும். மெஷின் நிற்கும், நாம் எரிச்சலோடு இன்னொரு முப்பது நிமிடம் வைப்போம், ஏற்கெனவே காய்ந்த துணிகளுக்குத் தண்டனை இரட்டிப்பாகும். ட்ரையர் ஷீட்டின் பூச்சு பட்டையில் படிந்தாலும் மெஷினின் கணிப்பு கெடும். மாதம் ஒருமுறை, வெள்ளை வினிகரிலோ ரப்பிங் ஆல்கஹாலிலோ நனைத்த துணியால் பட்டை இரண்டையும் அழுத்தித் துடைத்தால் சரியாகும்.

அடுத்தது சுருக்கம். கசங்கலைச் சொல்லவில்லை, அளவு குறைவதைச் சொல்கிறோம். பருத்தி இழை சூட்டால் சுருங்குவதில்லை. இழையின் நீளம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சுருங்குவது துணியின் அமைப்பு. பனியன் துணியைப் பின்னும்போதும், சாயமிட்டு உலர்த்தும்போதும் அதை நீளவாக்கில் இழுத்தபடியே மெஷினில் ஓட்டுகிறார்கள். அந்த இழுவை துணிக்குள் அப்படியே தங்கிவிடும். தண்ணீரில் நனைந்ததும் இழை பருத்து, நூல் தடித்து, வளைவுகள் இடம் மாறத் தொடங்கும். டிரம்மில் விழுந்து புரளும்போது ஒவ்வொரு வளைவும் தன் இயல்பான உருண்டை வடிவத்துக்குத் திரும்புகிறது. நீளம் குறைகிறது, சில சமயம் அகலம் கூடவும் செய்கிறது. கொடியில் போட்டால் ஈரத்தின் எடையே துணியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ட்ரையரில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. கொடியில் பல மாதம் காய்ந்தும் அளவு மாறாத டி-ஷர்ட், முதல் தடவை ட்ரையருக்குப் போனதும் சுருங்குவதற்குக் காரணம் இதுதான்.

திருப்பூரில் இது அன்றாடக் கணக்கு. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் பனியன் துணி அங்கே ட்ரையரில்தான் உலரும் என்பதால், காம்பேக்டிங் மெஷினில் துணியை நீளவாக்கில் முன்கூட்டியே நெருக்கிவிடுகிறார்கள். பிறகு துணியில் 50 சென்டிமீட்டருக்குக் குறி போட்டு, துவைத்து, ட்ரையரில் காயவைத்து மறுபடி அளப்பார்கள். 47.5 வந்தால் 5 சதவீதச் சுருக்கம். பின்னல் துணிக்கு அந்த அளவு வரை பொதுவாக ஒப்புக்கொள்வார்கள். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 5 சதவீதம் எவ்வளவு? தோளிலிருந்து 72 சென்டிமீட்டர் நீளமுள்ள டி-ஷர்ட் 68.4 ஆகும். மூன்றரை சென்டிமீட்டர் போனாலும் துணி "பாஸ்" ஆனதுதான். உயரமானவர்கள் கையை மேலே தூக்கினால் வயிறு தெரிவதற்கு இது போதும். காம்பேக்டிங் சரியாகச் செய்யாத மலிவுச் சரக்கில் இதைவிடவும் போகும். கூடவே பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்கும். ஒற்றை ஜெர்சி எனப்படும் பனியன் துணியில் நூலின் முறுக்கு விடுபடுவதால் வரும் கோணல் அது; இஸ்திரி போட்டு நேராக்கினாலும் அடுத்த துவைப்பில் திரும்பி வரும்.

இந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். புது டி-ஷர்ட்டின் உள்பக்கம், நீளவாக்கில் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு நூல் முடிச்சு போடுங்கள். அகலவாக்கில் 35 சென்டிமீட்டருக்கு இன்னும் இரண்டு. ஒவ்வொரு முறை காய்ந்ததும் மேசையில் இழுக்காமல் பரப்பி அளந்தால், குறைவதில் பெரும்பகுதி முதல் மூன்று, நான்கு, ஐந்து முறைக்குள் முடிந்துவிடுவது தெரியும். அதனால் முடிவும் அங்கேயே எடுத்துவிட வேண்டும். ட்ரையரில்தான் போடப்போகிறோம் என்றால் ஒரு அளவு பெரிதாக வாங்குவது உத்தமம். அளவு சரியாகப் பிடித்து வாங்கிய சட்டையானால், கடைசிவரை ட்ரையரில் விடாமல் தையல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே எடுத்து, தோளையும் கீழ் விளிம்பையும் பிடித்து நீளவாக்கில் இரண்டு முறை மெதுவாக இழுத்து, பரப்பிக் காயவிடலாம். ஏற்கெனவே சுருங்கிய பருத்தியைக்கூட நன்றாக நனைத்து, ஈரத்தோடு இழுத்து, நீராவி இஸ்திரி போட்டால் கொஞ்சம் மீட்கலாம். அடுத்த முறை ட்ரையருக்குப் போனால் அது பழையபடி சுருங்கிவிடும்.

ஜீன்ஸ் இந்த விஷயத்தில் தப்பித்துவிடும். கடையில் கிடைக்கும் ஜீன்ஸில் பெரும்பாலானது நெய்த பிறகு இயந்திரத்தில் முன்கூட்டியே நெருக்கப்பட்ட துணி. சான்ஃபோர்டு க்ளூயட் 1930-ல் காப்புரிமை பெற்ற முறை அது. சான்ஃபரைஸ்டு என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது. அதில் மிஞ்சும் சுருக்கம் ஒரு சதவீத அளவில்தான். ட்ரையரிலிருந்து எடுத்ததும் இடுப்பு இறுகுகிறதே என்றால், உடுத்தி உடுத்தி விரிந்திருந்த துணி பழைய அளவுக்குத் திரும்பியிருக்கிறது. ஒரு மணி நேரம் போட்டு நடந்தால் மறுபடி விட்டுக்கொடுக்கும்.

வடிகட்டியில் சேரும் பஞ்சு வேறெங்கிருந்தும் வருவதில்லை, நம் துணிதான் அது. நூலிலிருந்து விடுபட்ட குட்டை இழைகள் துவைக்கும்போதே தளர்ந்திருக்கும். ட்ரையரில் காற்று அவற்றை ஊதி எடுக்கிறது. புதுத் துண்டு முதல் சில தடவை நிறையக் கொட்டுவது இயல்பு. நெய்யும்போதும் வெட்டும்போதும் தங்கிய உதிரி இழை அது. ஆறு மாதமான துண்டு இன்னும் கைப்பிடிப் பஞ்சு கொட்டினால் அதன் பொருள் வேறு. பருத்தி, ஈரமாக இருக்கும்போது உலர்ந்திருப்பதைவிட வலுவானது. எலும்பு வரை காய்ந்த இழை முறுகிப்போய், மடியும்போதெல்லாம் பட்டென்று ஒடியும். துண்டின் சுருள் நூல்களில் இந்த ஒடிவு அதிகம். தேவைக்கு மேல் ஓட்டிய ஒவ்வொரு பத்து நிமிடமும் துண்டிலிருந்து கொஞ்சத்தை அரைத்து வடிகட்டியில் போடுகிறது.

பாலியஸ்டர் அவ்வளவு கொட்டாது. காரணம் நல்லதல்ல: அதன் இழை ஒடிய மறுக்கும். உரசலில் வெளியே வரும் இழை சுருண்டு உருண்டையாகும். வலுவான இழை அந்த உருண்டையைத் துணியோடு கட்டிப்போட்டுவிடும். பருத்தியில் உருண்டை வந்தாலும் தானே ஒடிந்து உதிர்ந்துவிடும். இரண்டும் கலந்த துணிதான் பார்க்கச் சகிக்காமல் போகும்: பருத்தி இழை உருண்டையாகும், பாலியஸ்டர் அதை விடாது. பள்ளிச் சீருடைச் சட்டையின் காலரிலும் அக்குளிலும் வரும் அந்த உருண்டைகளை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டால் ஓரளவு குறைக்கலாம். துண்டோடு சேர்த்துப் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. துண்டு உதிர்க்கும் பஞ்சு முழுவதையும், மின்னூட்டம் ஏறிய பாலியஸ்டர் காந்தம்போல இழுத்து வைத்துக்கொள்ளும். கறுப்பு ஜெர்சியில் வெள்ளைத் துண்டின் பஞ்சு ஒட்டியதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வடிகட்டியை ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் துடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று: பஞ்சே இல்லாமல் பளிச்சென்று இருக்கும் வலையும் அடைபட்டிருக்கலாம். ட்ரையர் ஷீட் பூச்சு வலையின் கண்களில் கண்ணாடிபோலப் படியும். வலையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். சல்லென்று இறங்கினால் சரி. குளம்போலத் தேங்கினால், சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். காற்றை வெளியே விடும் வகை மெஷினானால், அது ஓடும்போது வெளிச்சுவரில் உள்ள மூடி நன்றாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாகத் திறந்தால் குழாயில் பஞ்சு அடைத்திருக்கிறது. முன்பு ஐம்பது நிமிடத்தில் காய்ந்த அதே லோடு இப்போது எண்பது ஆகிறது, வடிகட்டியில் பஞ்சும் குறைந்துவிட்டது என்றால், அந்தப் பஞ்சு போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. அமெரிக்காவில் வீட்டு ட்ரையர் தீ விபத்துகளுக்கு முதல் காரணமாகப் பதிவாவது இப்படிச் சுத்தம் செய்யாமல் விட்டதுதான். மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, நாலு அங்குல உலோகக் குழாய் போடுங்கள்.

இனி சூடு நேரடியாகக் கெடுப்பவை. லெக்கிங்ஸ், உள்ளாடை, ஸ்ட்ரெச் ஜீன்ஸ் எல்லாவற்றிலும் லைக்ரா என்று கடையில் சொல்லும் ரப்பர் போன்ற இழை சில சதவீதம் இருக்கும். உலர்ந்த நிலையில் திரும்பத் திரும்பச் சூடேறினால், இழுத்துவிட்டால் திரும்பும் சக்தியை அது கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். முதல் அறிகுறி, முழங்கால் பக்கம் புடைத்த இடம் துவைத்த பிறகும் தட்டையாகாதது. அடுத்தது இடுப்புப் பட்டியின் நெளிவு. அந்த நெளிவு வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. லெக்கிங்ஸ் கொடியில் இரவோடு இரவாகக் காயும் துணி. அதை ட்ரையரில் போடவேண்டிய அவசியமே கிடையாது.

அக்ரிலிக் ஸ்வெட்டர் வேறு மாதிரி கெடும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்த இழை இளகும். டிரம்மில் தன் எடையாலேயே நீண்டு, குளிர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். சுருங்கும் என்று பயந்தவர்கள் தொளதொளவென்று கை நீண்ட ஸ்வெட்டரோடு நிற்பார்கள். ரேயான் நைட்டிக்கு எதிர்ப்பாதை: நனைந்தால் வலுவில் பாதி போய்விடும், நன்றாகப் பருக்கும், உலரும்போது கணுக்கால் நைட்டி குட்டையாகிவிடும். கம்பளிக்குத் தனி விதி. அதன் இழையில் மீன் செதில்போல அடுக்கு இருக்கிறது. ஈரம், சூடு, புரளல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே திசையில் நகரும், பின்வாங்காது. உற்றுப் பார்த்தால் பின்னலின் கண்ணே தெரியாமல் கம்பளம்போல இறுகியிருக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டதை எதில் ஊறவைத்தும் மீட்க முடியாது. கம்பளியில் சேதம் ஈரம் இருக்கும்போதே நடந்துவிடுவதால், "பத்து நிமிடம் மட்டும்" என்ற சமரசமும் அதற்குப் பலிக்காது.

காலர் லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் ட்ரையருக்கு அனுமதி. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் வெளியேறும் காற்று 60 டிகிரி வரை. இரண்டு புள்ளி என்றால் 80 வரை. குறுக்கே வெட்டியிருந்தால் கூடாது. கலப்பு லோடில் புள்ளி குறைந்த துணிதான் தலைவர். ஆனால் துண்டும் ஜீன்ஸும் தனியே, டி-ஷர்ட்கள் தனியே, பாலியஸ்டர் தனியே அல்லது கொடியில் என்று பிரித்துவிட்டால் அந்தப் பஞ்சாயத்தே வராது. நம் நாலு கிலோவை அப்படிப் பிரித்தால், துண்டும் ஜீன்ஸும் இரண்டு புள்ளிச் சூட்டில் ஐம்பது நிமிடம் போல, டி-ஷர்ட்கள் ஒரு புள்ளியில் முப்பது நிமிடம் போல ஆகும். துவைக்கும்போதே 1400 சுற்றில் பிழிந்தால் பருத்தியில் தங்கும் தண்ணீர் 60 சதவீதத்திலிருந்து 50-ஐ ஒட்டி இறங்கும். இரண்டு கிலோ துண்டில் அது 200 மில்லி. பிழிந்து எடுப்பது, சூடாக்கி எடுப்பதைவிட மலிவு, துணிக்கும் இதம்.

கடைசியில் ட்ரையர் சூடில்லாமல் பத்து நிமிடம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவசரத்தில் அதை நிறுத்திக் கதவைத் திறப்பவர்கள் அதிகம். பாலியஸ்டர் 70–80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். அந்தச் சூட்டோடு கூடையில் குவித்தால், எந்த மடிப்பில் குளிர்கிறதோ அந்த மடிப்பிலேயே உறைந்துவிடும். இஸ்திரிக்கும் அவ்வளவு லேசில் மசியாத கோடு அது. சுற்றிக்கொண்டே குளிரவிடுவது அதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை துணியில் தங்கியிருந்தால், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தாமாகவே வெப்பம் உண்டாக்கும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் பறந்துவிடும். ட்ரையரிலிருந்து சூடாக எடுத்துக் குவித்த துணியில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சில மணி நேரம் கழித்துப் புகையத் தொடங்கலாம். மசாஜ் நிலையங்களின் துண்டுக் குவியல்கள் இப்படி எரிந்திருக்கின்றன. அடுப்படித் துணிக்கும் இது பொருந்தும். தலைக்கு எண்ணெய் வைத்த நாளின் துண்டை மற்றவற்றோடு கலக்காமல், 60 டிகிரி சூடான தண்ணீரில், சோப்புத்தூள் அளவைக் குறைக்காமல் தனியே துவையுங்கள். ஈரத்தோடு முகர்ந்து பாருங்கள். சிக்கு வாசனை வந்தால் எண்ணெய் போகவில்லை; மறுபடி துவைக்க வேண்டும். இரண்டாவது துவைப்பிலும் வாசனை போகாத துண்டைக் கொடியில் போடுங்கள். ட்ரையரில் காயவைத்த துண்டானாலும், இரவு கூடையில் குவித்துவிட்டுத் தூங்கப் போகாமல், ஆறும்வரை ஒவ்வொன்றாக நாற்காலி முதுகில் விரித்துப் போட்டுவிட்டுப் போங்கள்.